வரி நோட்டிலிருந்து ஒரு லேபிள்

நாஞ்சில் நாட்டில் குடும்பக் கோயில் கொடைக்கு நாள் குறித்ததும் முதலில் வெளியே வருவது வரி நோட்டுதான். தலைக்கட்டுக்கு ஒரு வரி என்று பெயர் எழுதி, எதிரில் வரித்தொகையும் வந்த தொகையும் குறித்த நோட்டு. கோயில் தோவாளைப் பக்கத்திலோ அகஸ்தீஸ்வரம் பக்கத்திலோ ஒரு வயல்கரையில் இருக்கும். தலைக்கட்டுகளோ நாகர்கோவிலில் கொஞ்சம், சென்னையிலும் பெங்களூருவிலும் கொஞ்சம், மஸ்கட்டிலும் துபாயிலும் மீதி என்று சிதறிக் கிடக்கின்றன. முன்பு நோட்டீஸை அச்சடித்து, மேலுறையில் முகவரி எழுதி, புக்போஸ்டில் சேர்த்தார்கள். இப்போது நோட்டீஸ் பிடிஎஃப் ஆகிவிட்டது. ஆனால் முகவரி எழுதும் வேலை மட்டும் மாறவில்லை. பல குடும்பங்களில் பொறுப்பாளர் இன்றும் ஒவ்வொரு கொடைக்கும் மின்னஞ்சலைத் திறந்து, அறுபது எழுபது முகவரிகளை முதலிலிருந்து தட்டுகிறார். ஒரு புள்ளி விட்டுப்போனால் ஒரு தலைக்கட்டே விட்டுப்போகிறது. “நோட்டீஸ் கிடைச்சுதா மாமா?” என்று கேட்டால், “எனக்கு ஒண்ணும் வரலியே மக்கா” என்ற பதிலில் ஒரு வருத்தம் தொடங்கிவிடுகிறது.

வரி நோட்டை ஒருமுறை மின்னஞ்சலுக்குள் ஏற்றிவிட்டால் இந்த வேலை ஒழிந்தது. ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன், நம் வீடுகளில் பெரும்பாலும் அதுதான் புழங்குகிறது. கணினியில் contacts.google.com பக்கத்தைத் திறந்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொருவரையும் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண்ணோடு சேர்க்க வேண்டும். கைபேசியில் ஏற்கெனவே கூகுள் கணக்கில் சேமித்தவர்கள் அங்கே தானாகவே இருப்பார்கள். இடது ஓரத்தில் Labels என்று இருக்கும். அதன் பக்கத்துக் கூட்டல் குறியை அழுத்தி Kodai என்று பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு பெயர்களுக்கு முன்னால் உள்ள கட்டங்களில் டிக் போட்டு, மேலே Manage labels குறியைத் தொட்டு, Kodai-யைத் தேர்ந்து Apply கொடுத்தால் குழு தயார். அடுத்த கொடைக்கு அஞ்சல் எழுதும்போது முகவரி இடத்தில் Kodai என்று தட்டினால் போதும், அத்தனை முகவரிகளும் வந்து நிற்கும்.

எந்த இடத்தில் தட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். To-வில் உங்கள் முகவரியையே போட்டு, Kodai-யை Bcc-யில் போடுங்கள். To-வில் போட்டால் அறுபது பேரின் முகவரியும் அறுபது பேருக்கும் தெரியும். துபாய் அத்தான் Reply all கொடுத்து “வரியை அனுப்பிட்டேன்” என்று எழுதினால் அது எல்லார் வீட்டுக்கும் போகும், அவர் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கும் கூடவே போகும். Bcc-யில் அந்தச் சிக்கல் இல்லை. பதில் பொறுப்பாளருக்கு மட்டுமே வரும்.

முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஒரே அஞ்சலில் அடுக்கிய பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1978 மே மாதம் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி துயர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர அஞ்சலை அனுப்பினார். முகவரிகளைக் கையாலேயே உள்ளிட்டார்கள். அன்றைய மென்பொருளின் முகவரிப் பகுதி அத்தனை பேரைத் தாங்கவில்லை. மிஞ்சிய முகவரிகள் கடிதத்தின் உள்ளேயே வழிந்து நின்றன. இன்று அந்த நெருக்கடி நமக்கு இல்லை. தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஓர் அஞ்சலை 500 பேருக்கு அனுப்பலாம், எந்தக் குடும்பக் கோயிலுக்கும் அது தாராளம்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குழு என்பது உங்கள் முகவரிப் புத்தகத்துக்குள் மட்டுமே இருக்கிறது. அனுப்பும் நேரத்தில் அது தனித்தனி முகவரிகளாகப் பிரிந்து போய்விடுகிறது. பெறுபவர் கையில் Kodai என்று எதுவும் இல்லை. அதனால் புதிதாகக் கல்யாணமாகித் தனித் தலைக்கட்டான தம்பியை இன்று குழுவில் சேர்த்தால், நேற்று போன நோட்டீஸ் அவருக்குப் போகாது. அதைத் தனியாக அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் மாறினாலும் இதே கதைதான், பழையவரின் குழு பழையவரிடமே தங்கிவிடும். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் வரி நோட்டோடு இதையும் கொடுக்க வழி இருக்கிறது. அதே பக்கத்தில் Export அழுத்தி, Kodai-யை மட்டும் தேர்ந்து கோப்பாக இறக்கி, புதியவர் தன் கணக்கில் Import செய்துகொள்ளலாம்.

முகவரிகள் சாவதும் உண்டு. ஒருவருக்கு இரண்டு மின்னஞ்சல் இருந்தால் குழு அஞ்சல் முதன்மையாக உள்ள ஒன்றுக்குத்தான் போகும். அது அவர் ஓய்வுபெற்றுவிட்ட அலுவலகத்தின் முகவரியாக இருந்தால் நோட்டீஸ் அங்கேயே போய் முடங்கும். தவிர, இரண்டு ஆண்டு திறக்கப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பேரன் எப்போதோ தொடங்கிக் கொடுத்து, பாட்டா ஒருபோதும் திறக்காத கணக்குகள் இப்படிப் போகக்கூடியவை. தெரிந்துகொள்வது சுலபம். அனுப்பிய சில நிமிடங்களில் Mail Delivery Subsystem என்ற பெயரில் ஓர் அஞ்சல் திரும்பி வந்து, Address not found என்று சொல்லும். அதை அழித்துவிடாமல், யாருடைய முகவரி என்று பார்த்து அன்றைக்கே திருத்துங்கள்.

மின்னஞ்சலே பார்க்காத உறவினர்களுக்கு வாட்ஸாப் இருக்கிறது. அங்கே குழு வேறு, பிராட்காஸ்ட் பட்டியல் வேறு. குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கொடைத் தேதி புதைந்துபோகும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். நோட்டீஸுக்கு அதுதான் பொருத்தம் என்பேன். அதில் ஒரு நிபந்தனை பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருப்பது போதாது. சேராவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. பொறுப்பாளர் சிம் மாற்றிய வருஷம் பாதிப் பேருக்கு நோட்டீஸ் கிடைக்காமல் போவது இப்படித்தான். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்ற பெயர்ப் பட்டியல் வரும். வரி நோட்டைப் பக்கத்தில் வைத்து அதோடு ஒத்துப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் எண்ணும் மாறியிருக்கும். வெளிநாட்டு எண்ணை +971, +968 என்று நாட்டுக் குறியோடும், ஊர் எண்ணை +91 சேர்த்தும் சேமித்தால் எங்கிருந்து அனுப்பினாலும் பிசகாது.

கேதம் சொல்வதற்கு மட்டும் இந்தப் பட்டியல்களை நம்பக் கூடாது. சம்பந்தக்காரர், தாய்மாமன், பெண் கொடுத்த வீடு என்று சொல்ல வேண்டியவர்களுக்கு ஆள் அனுப்பியோ போன் செய்தோ சொல்வதுதான் முறை. பிராட்காஸ்டில் தெரிந்துகொண்ட மரணத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. எடுப்பு எத்தனை மணிக்கு என்பதைத் தூரத்து உறவுகளுக்குச் சொல்ல மட்டும் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கொடைக்குக் கால்நாட்டும் முன்பே, குறைந்தது ஒரு மாதம் இருக்கும்போது, இரண்டு பட்டியலுக்கும் “கிடைத்ததா? ஒரு வார்த்தை பதில் போடுங்கள்” என்று ஒரே வரிச் செய்தி அனுப்பிவிடுங்கள். பதில் வராத தலைக்கட்டுகளை நோட்டில் சுழித்து வைத்து, அவர்களுக்கு மட்டும் போன் போடுங்கள்.