தலைப்பு கண்ணுக்கு, துணைத்தலைப்பு தேடலுக்கு

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஜிரார்ட் என்ற சிற்றூரிலிருந்து 1920-களில் ஒருவர் ஐந்து சென்ட் விலையில் குட்டிப் புத்தகங்களை விற்றுக்கொண்டிருந்தார். பெயர் ஹால்டமன்-ஜூலியஸ். நாளிதழ்களில் அவர் கொடுத்த விளம்பரங்களில் அட்டைப்படமோ அறிமுகமோ இருக்காது. புத்தகப் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். வாசகர் பட்டியலைப் பார்த்து, எண்ணைக் குறித்து, பணம் அனுப்ப வேண்டும்.

ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிகூட விற்காத புத்தகத்தை அவர் 'ஆஸ்பத்திரி'க்கு அனுப்புவார். அங்கே முதலில் நடக்கும் சிகிச்சை பெயர் மாற்றம்தான். தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவரின் கட்டுரை ஒன்று 'விவாதக் கலை' என்ற பொருள்படும் பெயரில் விலைபோகாமல் கிடந்தது. 'தர்க்கமாக வாதிடுவது எப்படி' என்று பெயர் மாற்றியதும் முப்பதாயிரம் பிரதி விற்றது. உள்ளே ஒரு வரியும் மாறவில்லை.

இன்றைய தேடல் முடிவுகளும் ஏறக்குறைய அதே பட்டியல்தான். கைபேசியில் அட்டைப்படம் நகத்தளவு தெரியும், பக்கத்தில் பெயர் இருக்கும், அவ்வளவே. ஆனால் ஹால்டமன்-ஜூலியஸுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. அவருடைய பட்டியலை மனிதர்கள் மட்டுமே படித்தார்கள். நம் தலைப்பை முதலில் படிப்பது இயந்திரம். தேடுபவர் தட்டிய சொல் அதில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. அதைத் தாண்டி வந்தபிறகுதான் மனிதக் கண் படுகிறது. புத்தகக் கண்காட்சியில் உலாவுகிறவர் நேர் எதிர். அவர் எதையும் தேடி வரவில்லை. ஏதாவது ஒன்று அவரை நிறுத்த வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே வரியின் தலையில் கட்டும்போதுதான் தலைப்பு கெட்டுப்போகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை வீட்டு மொட்டைமாடியில் காய்கறி வளர்த்த அனுபவத்தை ஒருவர் புத்தகமாக எழுதியிருக்கிறார். அவர் மனதில் முதலில் வந்த பெயர் 'பசுமையின் புன்னகை'. கேட்க இனிமைதான். ஆனால் கடைப் பையன் அதைக் கவிதை அடுக்கில் வைத்துவிடுவான். செடி வளர்க்க ஆசைப்படுகிறவர் யாரும் தேடல் பெட்டியில் 'புன்னகை' என்று தட்டப்போவதில்லை.

அடுத்து 'மாடித்தோட்டம்' என்று வைக்கலாம். விஷயம் தெளிவு. ஆனால் அதே பெயரில் காணொளிகளும் கட்டுரைகளும் குவிந்து கிடக்கின்றன. அலமாரியிலும் அது யாரையும் நிறுத்தாது. பெயரைக் கேட்டுத் தேடி வருகிறவருக்கும் எது இவருடைய புத்தகம் என்று தெரியாது.

மூன்றாவதாக, வேலையைப் பிரித்துக் கொடுத்தால் இப்படி வரும்: தலைப்பு, 'பத்துத் தொட்டி போதும்'. துணைத்தலைப்பு, 'வாடகை வீட்டில் மாடித் தோட்டம்: மண் கலவை, தண்ணீர், பூச்சி'. தலைப்பில் மூன்றே சொற்கள். அட்டையில் பெரிதாகப் போடலாம். புத்தகத்தின் முதுகில் பெரும்பாலும் தலைப்பு மட்டும்தான் இருக்கும். அங்கேயும் இது செடி விஷயம் என்று ஊகிக்க முடிகிறது. பெரிய தோட்டம் வேண்டாம் என்ற வாக்குறுதியும் கிடைக்கிறது. அதைப் புத்தகம் காப்பாற்ற வேண்டும். இருபது தொட்டி இல்லாமல் ஆகாது என்று உள்ளே எழுதியிருந்தால் தலைப்பு பொய்யாகிவிடும். துணைத்தலைப்பு இயந்திரத்துக்குச் சொல்லைத் தருகிறது, வாசகருக்கு 'இது எனக்கானதா' என்ற கேள்விக்குப் பதில் தருகிறது.

அந்தச் சொல்லை எங்கிருந்து எடுப்பது? கூகுள், யூடியூப், அமேசான் மூன்றிலும் 'மாடி' என்று மட்டும் தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள்தான் பிறர் தேடும் சொற்கள். உங்கள் பழைய தேடல்கள் குறுக்கிடாமலிருக்க மறைநிலைச் சாளரத்தில் செய்வது நல்லது. எழுத்தாளர் 'நகர்ப்புறக் கூரை வேளாண்மை' என்று எழுத ஆசைப்படலாம். தேடுபவர் `madi thottam` என்று ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருப்பார்.

தமிழில் இன்னொரு கண்ணி உண்டு. 'மாடித் தோட்டத்தில் காய்கறி' என்று வேற்றுமை உருபோடு எழுதினால் 'தோட்டம்' என்ற சொல் அந்த வரியில் இல்லை. கூகுள் ஓரளவு புரிந்துகொள்ளும். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் பெட்டியுள்ள கடைத் தளத்திலும் நூலகப் பட்டியலிலும் புத்தகம் அகப்படாது. ஆகவே முக்கியமான பெயர்ச்சொல் உருபு ஏற்காமல் நிற்கும்படி துணைத்தலைப்பை அமைக்க வேண்டும். சொற்களைச் சேர்த்து எழுதுவதிலும் இதே தொல்லை வரும். மாடித்தோட்டம், மாடித் தோட்டம், மாடி தோட்டம் மூன்றும் இயந்திரத்துக்கு வேறுவேறு. எல்லாவற்றையும் அட்டையில் அடுக்கினால் அசிங்கமாக இருக்கும். சரியான வடிவம் ஒன்று அட்டையில் இருக்கட்டும். மற்றவை பின்னணியில் தரும் குறிச்சொற்களுக்கும் புத்தக அறிமுகத்துக்கும் போகட்டும்.

அமேசானின் கே.டி.பி. தளத்தில் குறிச்சொற்களுக்கு ஏழு கட்டங்கள் உண்டு. தலைப்பும் துணைத்தலைப்பும் சேர்ந்து 200 குறிகளுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் தமிழர் ஏமாறுவது எளிது. 'மாடித்தோட்டம்' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது பதின்மூன்று. 'அதிகம் விற்பனையான', 'இலவசம்' போன்ற சொற்களையும் வேறு எழுத்தாளர் பெயர்களையும் தலைப்பில் திணித்தால் தளம் நிராகரிக்கும்.

ஏற்கெனவே உள்ள பெயரை வைக்கலாமா? தனித் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் 'தேசி பாய்ஸ்' படத் தலைப்பு வழக்கில் தெளிவுபடுத்தியது. சட்டம் விட்டாலும் தேடல் விடாது. தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய நூலுக்கு 'தண்ணீர் தண்ணீர்' என்று பெயரிட்டால், 1981-இல் வந்த கே. பாலசந்தர் படத்துக்குக் கீழேதான் அது கிடக்கும்.

இரண்டு மூன்று பெயர் மிஞ்சினால் எதைத் தேர்வது? டிம் ஃபெரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், 2007-இல் வெளியான 'தி ஃபோர் ஹவர் வொர்க்வீக்' நூலுக்காக இதை இரண்டு வழியில் சோதித்தார். கூகுள் விளம்பரங்களில் பல தலைப்புகளை ஓடவிட்டு எதை அதிகம் பேர் அழுத்துகிறார்கள் என்று பார்த்தார். போலி அட்டைகளைச் சுற்றிய புத்தகங்களைக் கடை அலமாரியில் வைத்து, எதைக் கையில் எடுக்கிறார்கள் என்றும் கவனித்தார். தேடலுக்கு ஒரு சோதனை, உலாவலுக்கு ஒரு சோதனை. காசு செலவழிக்க முடியாதவர் அட்டைகளை அச்சிட்டு, கடைக்காரரின் அனுமதியோடு இரண்டாவதை மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

இதெல்லாம் ஐ.எஸ்.பி.என். வாங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வெளியான பிறகு தலைப்பை மாற்றினால் புது எண் வாங்க வேண்டும்; பழைய பெயரில் வந்த மதிப்புரைகள் பழைய பெயரோடு நின்றுவிடும். அட்டையிலும் உள்பக்கத்திலும் கடைத் தளத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் நாலைந்து பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தலைப்பை ஒரே ஒரு முறை சொல்லி, தட்டி அனுப்பச் சொல்லுங்கள். 'பத்துத் தொட்டி போதும்' சிலரிடமிருந்து 'பத்து தொட்டி' என்றும் சிலரிடமிருந்து '10 தொட்டி' என்றும் வரும். அது பரவாயில்லை, இரண்டையும் குறிச்சொல் கட்டத்தில் போட்டுவிடலாம். ஆளுக்கொரு சொல்லாக வந்தாலோ 'என்ன சொன்னீங்க?' என்று திருப்பிக் கேட்டாலோ, அந்தத் தலைப்பை அப்போதே விட்டுவிடுங்கள்.