ரெஸ்யூமையே திருப்பிச் சொல்லும் கவர் லெட்டர்: திருத்தும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

ரெஸ்யூமோடு சேர்த்து அனுப்பப்படும் கவர் லெட்டர், பெரும்பாலும் அந்த ரெஸ்யூமையே வாக்கியங்களாக எழுதியதுபோல் இருக்கிறது. படிப்பு, மதிப்பெண், வேலை பார்த்த ஆண்டுகள், தெரிந்த மென்பொருள் எல்லாம் வரிசையாக வந்து, ‘வாய்ப்புத் தந்தால் கடினமாக உழைப்பேன்’ என்று முடிகின்றன. ஆள் எடுப்பவருக்கு இதில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. விண்ணப்பிப்பவர் இந்த வேலையை ஏன் கேட்கிறார், இதற்கு எப்படிப் பொருந்துவார் என்ற இரண்டுக்கும் ரெஸ்யூமில் இடமில்லை. கடிதம் பதில் சொல்ல வேண்டியது அவற்றுக்குத்தான்.

திருத்தத் தொடங்குமுன் ரெஸ்யூமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் ஏற்கெனவே உள்ள செய்தியைச் சொல்லும் வாக்கியங்களைக் கடிதத்தில் அடிக்கோடிட வேண்டும். அடுத்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி வேறு எங்கும் அனுப்பக்கூடிய வாக்கியங்களுக்கும் கோடு போட வேண்டும். ‘புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு’ என்பது இந்த இரண்டாம் சோதனையில் சிக்கிவிடும். கோடு விழாத வாக்கியமே இல்லையென்றால், விளம்பரத்தைக் கையில் எடுத்துக் கடிதத்தைப் புதிதாக எழுதுவதே வழி.

ஓர் எடுத்துக்காட்டு: திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றின் கணக்கு உதவியாளர், கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார். கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் ஒப்பிடவும், வேறுபாடு இருந்தால் சப்ளையர்களிடம் பேசிச் சரிசெய்யவும் தெரிந்தவர் தேவை என்கிறது விளம்பரம். அவர் எழுதியிருப்பது இது: “பி.காம். முடித்து மூன்று ஆண்டுகளாகக் கணக்கு உதவியாளராக இருக்கிறேன். டேலி, எக்செல் தெரியும். ஜிஎஸ்டி வேலைகளையும் கவனித்து வருகிறேன்.”

எல்லாமே ரெஸ்யூமில் உள்ளவை. ஆனால் கடைசி வாக்கியத்துக்குள் ஒரு விஷயம் புதைந்து கிடக்கிறது. ‘கவனித்து வருகிறேன்’ என்றால் அவர் உண்மையில் என்ன செய்தார்? சப்ளையர் தம் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஒரு பில்லைக் காட்டாவிட்டால், அது வாங்கியவரின் 2பி-யில் வராது. அந்த மாதம் அதற்குரிய வரி வரவை எடுக்க முடியாமல் பணம் முடங்கும். மாதந்தோறும் தாக்கல் செய்யும் சப்ளையருக்கு 11-ஆம் தேதி கெடு. 2பி உருவாவது 14-ஆம் தேதி. அதற்குப் பிறகு விழித்துக்கொண்டால் அந்த மாதத்துக்குப் பயனில்லை. இதை அறிந்த உதவியாளர் முன்கூட்டியே வேலை செய்திருக்கிறார். திருத்திய கடிதத்தில் அது இப்படி வரலாம்:

“அடிக்கடி பில்களைக் காட்டாமல் விடும் சப்ளையர்களைப் பட்டியலிட்டு, 11-ஆம் தேதிக்கு முன்பே போனில் நினைவூட்டி வருகிறேன். 2பி வந்ததும் பொருந்தாத பில்களைத் தனியே எடுத்து மேலாளரிடம் கொடுக்கிறேன். விளம்பரத்தில் தாங்கள் கேட்டிருப்பதும் இந்த வேலைதான். இதுவரை நூல், சாயப் பில்களையே பார்த்திருக்கிறேன். சி.எம்.ஏ. இடைநிலைத் தேர்வுக்குப் படித்து வருவதால், பொறியியல் தொழிற்சாலையின் அடக்கவிலைக் கணக்கில் பழக வேண்டும் என்று விரும்புகிறேன்.”

பட்டமும் மென்பொருள் பட்டியலும் போய்விட்டன. பொருத்தம் ஒரு செயலாகவும், ஆர்வம் அவர் ஏற்கெனவே எடுத்துவைத்த ஓர் அடியாகவும் தெரிகின்றன. இதற்குத் தொடக்கத்தில் எந்தப் பதவிக்கான விண்ணப்பம் என்ற ஒரு வரியும், முடிவில் எப்போது சேர முடியும் என்ற ஒரு வரியும் போதும். ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை.

இப்படித் திருத்தும்போது ஆபத்துகளும் உண்டு. மேலாளர் முடித்த வேலையைத் தாம் முடித்ததாக எழுதினால், நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாற நேரும். சேர்ந்த பிறகு தெரியவந்தால் வேலையும் போகலாம். இன்னொன்று, சாதனையை நம்பவைக்க இப்போதைய நிறுவனத்தின் சப்ளையர் பெயர்களையும் தொகைகளையும் எழுதுவது. அவை நிறுவனத்தின் ரகசியங்கள். அவற்றை வெளியிடுபவரை அடுத்த நிறுவனமும் நம்பத் தயங்கும்.

திருமணம், சாதி, ஆதார் எண் போன்றவற்றுக்குக் கடிதத்தில் இடமில்லை. அவை ஆர்வத்தையோ பொருத்தத்தையோ காட்டுவதில்லை. ஆள் எடுப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அப்படியிருக்கத் திருமண விவரத்தைத் தாமே முன்வந்து எழுத வேண்டியதில்லை. ஆதார் எண்ணை, வேலை உறுதியாகிச் சேரும் நேரத்தில் கேட்கும்போது கொடுத்தால் போதும்.

அனுப்பிய பிறகு தவறான தகவல் கண்ணில் பட்டால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக எது தவறு, எது சரி என்று இரண்டு வரியில் எழுதி, திருத்திய கடிதத்தை இணைத்து உடனே அனுப்பிவிட வேண்டும். நேர்காணலுக்கு முன் தாமே திருத்தியதை யாரும் பொய்யாகக் கருதுவது அரிது.