முதல் லென்ஸ்: ஜூமா, பிரைமா?

பட்ஜெட்டில் ஒரு கேமராவும் ஒரு லென்ஸும்தான் தேறும் என்றால், மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேமராவோடு வரும் 18-55 ஜூம் போதுமா, 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் வாங்குவதா?

கல்லூரி அரங்கில் மாலை நாடகம் நடக்கிறது. ஜூமை 55-க்குக் கொண்டுபோனால் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/20 நொடிக்கு இறங்கிவிடும். வீசும் கை கலங்கிப்போகும். லென்ஸின் அதிர்வுக் குறைப்பு படமெடுப்பவரின் கைநடுக்கத்தைத்தான் அடக்கும், நடிகரின் அசைவை அல்ல. எஃப்/1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், அதே ஐஎஸ்ஓவில் 1/200 நொடி கிடைக்கிறது. கை தெளிவாக நிற்கும்.

அதே பிரைமோடு விடுதி அறைக்குள் போனால் சிக்கல். தொடக்கநிலை கேமராக்களின் சிறிய சென்சாரில் 50 மி.மீ., 75 அல்லது 80 மி.மீ. போலக் குறுகிப் பார்க்கும். முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கினாலும் நண்பர்கள் எல்லோரும் சட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள்.

அதனால் எல்லாவற்றையும் எடுக்க நினைப்பவருக்கு முதலில் ஜூமே நல்லது. சில மாதம் கழித்துப் படங்களின் விவரப் பகுதியில் குவியத்தூரத்தைப் பார்க்கலாம். பெரும்பாலானவை 35-ஐ ஒட்டியிருந்தால், வாங்க வேண்டியது 35 மி.மீ. பிரைம்.

பழைய லென்ஸ் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கான் டி3500-இல் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவான 50 மி.மீ. எஃப்/1.8டி அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. ஏஎஃப்-எஸ் வகைதான் வேண்டும்.