ஆயிரம் கியூபிட்டுக்கு அரை மெகாபைட் போதும்

ஐம்பது கியூபிட்டுகளின் நிலையை ஒன்றுவிடாமல் சாதாரணக் கணினியில் எழுதிவைக்கப் பார்த்தால், 2⁵⁰ கலப்பெண்கள் தேவைப்படும். ஓர் எண்ணுக்கு 16 பைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 18 பெட்டாபைட் ஆகிவிடும். கூடவே இன்னொரு கியூபிட்டைச் சேர்த்தால் அதுவும் இரட்டிக்கும். குவாண்டம் கணினிகளை மற்ற கணினிகளால் பின்தொடர முடியாது என்று சொல்லப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதில் பெரிய விலக்கு ஒன்று உண்டு. H, S, CNOT என்ற மூன்று வகை கேட்டுகளையும் வழக்கமான அளவீட்டையும் மட்டும் கொண்டு கட்டிய சுற்றில் ஆயிரம் கியூபிட் இருந்தாலும், அதை ஒரு மடிக்கணினியில் துல்லியமாக ஓட்டிவிடலாம். இவற்றுக்கு ஸ்டெபிலைசர் சுற்றுகள் என்று பெயர். டேனியல் காட்ஸ்மேன் 1998-இல் இதை விளக்கி எழுதினார். இமானுவேல் நில்லின் பெயரையும் சேர்த்து, காட்ஸ்மேன்–நில் தேற்றம் என்கிறார்கள்.

நிலையை எழுதாமல், அந்த நிலை எந்தெந்தச் செயல்களுக்கு அசைந்துகொடுக்காது என்று எழுதிவைப்பதுதான் இதன் சூட்சுமம். X என்ற செயல் 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டும். Z என்பது 1-இன் குறியை மட்டும் மாற்றும். Y இரண்டையும் சேர்த்துச் செய்யும். I எதையும் தொடாது. ஒரு கியூபிட் 0 நிலையில் இருந்தால் Z அதை மாற்றாது. எனவே ‘Z-க்கு அசையாதது’ என்ற ஒரு குறிப்பே அந்த நிலையை முழுதாகச் சொல்லிவிடுகிறது.

இரண்டு கியூபிட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 0-வில் இருக்கும்போது குறிப்பேட்டில் இரண்டே வரிகள்: ZI, IZ. முதல் கியூபிட்டின் மீது H செயல்பட்டால் Z, X ஆக மாறும். வரிகள் XI, IZ ஆகின்றன. அடுத்து CNOT. அது முதல் கியூபிட்டில் உள்ள X-ஐ இரண்டாவதற்கும் பரப்பும். இரண்டாவதில் உள்ள Z-ஐ முதலாவதற்கும் பரப்பும். இப்போது வரிகள் XX, ZZ. ஐன்ஸ்டைனை உறுத்திய ‘பின்னல்’ உறவு இப்படிப்பட்டதுதான். அது இங்கே நான்கு எழுத்துகளில் அடங்கிவிட்டது.

முதல் கியூபிட்டை அளந்தால் என்ன ஆகும்? அளப்பது ZI என்ற செயலை. XX வரி அதோடு ஒத்துப்போவதில்லை. இரண்டின் வரிசையை மாற்றிச் செய்தால் விடையின் குறி மாறிவிடும். அப்படி முரண்படும் வரி இருந்தால் விடை தற்செயலானது. கணினி ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, XX-ஐ நீக்கிவிட்டு +ZI அல்லது −ZI என்று எழுதுகிறது. −ZI வந்தால் முதல் விடை 1. அதை ZZ-ஆல் பெருக்கினால் −IZ கிடைக்கும்; ஆகவே இரண்டாவது கியூபிட்டும் 1-தான். அங்கே சுண்டிப் பார்க்க வேலையே இல்லை.

இந்த மூன்று கேட்டுகளும் ஒரு வரியை எப்போதும் ஒரே வரியாகத்தான் மாற்றும். n கியூபிட்டுக்கு n வரி போதும் என்பதும், அது கடைசிவரை பெருகாது என்பதும் இதனால்தான். 2004-இல் ஸ்காட் ஆரன்சனும் காட்ஸ்மேனும் இன்னும் n துணை வரிகளைச் சேர்த்தார்கள். நினைவகம் இரட்டித்தது; ஆனால் அளவீட்டுக்கான வேலை n³ என்ற அளவிலிருந்து n² ஆகக் குறைந்தது. ஆயிரம் கியூபிட்டுக்கு 2000 வரிகள், வரிக்கு 2001 பிட்: மொத்தம் ஏறக்குறைய 40 லட்சம் பிட், அதாவது அரை மெகாபைட்.

இங்கே கவனிக்க வேண்டியது, பின்னல் உறவு மட்டுமே குவாண்டம் கணினிக்கு வலிமை தந்துவிடாது என்பது. ஸ்டெபிலைசர் சுற்றில் பின்னலுக்குக் குறைவே இல்லை. இருந்தும் சாதாரணக் கணினி ஈடுகொடுக்கிறது.

T என்ற ஒரு கேட்டைச் சேர்த்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. அது X-ஐ (X+Y)/√2 ஆக மாற்றும். ஒரு வரி இரண்டு வரிகளின் கூட்டலாகப் பிரிந்துவிடுகிறது. அடுத்த T வந்தால் நான்காகலாம், அதற்கடுத்து எட்டு. நாற்பது T கேட்டுகள் இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி உறுப்புகள். இன்றைய சிறந்த முறைகள் இந்த வேகத்தைக் குறைத்திருக்கின்றன. அடுக்குப் பெருக்கத்தை ஒழிக்கவில்லை. மறுபுறம், T இல்லாமல் குவாண்டம் கணினியால் எல்லாக் கணக்கையும் போட முடியாது.

அப்படியானால் T இல்லாத சுற்றுகளால் என்ன பயன்? பிழை திருத்தும் சுற்றுகள் பெரும்பாலும் இவைதான். கூகுளில் பணியாற்றிய கிரெய்க் கிட்னி 2021-இல் வெளியிட்ட ஸ்டிம் என்ற மென்பொருள், ஆயிரக்கணக்கான கியூபிட் கொண்ட பிழைதிருத்தச் சுற்றுகளை, வன்பொருளே இல்லாமல் சோதித்துப் பார்க்க உதவுகிறது. ஒரு நிபந்தனை உண்டு. பிழைகளும் X, Y, Z ஆகவே தற்செயலாக நிகழ வேண்டும். ஒவ்வொரு கேட்டும் தேவைக்குமேல் ஒரு பாகை கூடுதலாகச் சுழற்றும் கருவி என்றால், அந்தச் சிறு சுழற்சி ஒற்றை வரிக்குள் அடங்காது. ஆய்வாளர்கள் அதைத் தற்செயலான X, Y, Z பிழைகளாகத் தோராயப்படுத்தியே ஸ்டிமில் இடுகிறார்கள். உண்மையில் ஒரே திசையிலான சுழற்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். அதனால் கணினி காட்டும் பிழை விகிதத்தைவிடக் கருவியின் பிழை விகிதம் கூடுதலாக இருக்கலாம்.