கல்யாண வீடியோ ஏன் சுற்றுகிறது?

தங்கையின் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் 4கே தரத்தில் கொடுத்திருந்தார். இரண்டு மணி நேரம், 27 ஜிபி. அதை கிளவுடில் ஏற்றிவிட்டு, டிவியில் உள்ள பிளேயர் ஆப் வழியாகப் போட்டேன். மூன்று நிமிடம் ஓடியது. தாலி கட்டும் நேரத்தில் திரை நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. அதே டிவியில் யூடியூப் மட்டும் தடையில்லாமல் ஓடியது. வீட்டு இணைப்போ 100 மெகாபிட்.

யூடியூப் ஒவ்வொரு வீடியோவையும் பல தரங்களில் வைத்திருக்கிறது. இணைப்பு தளர்ந்தால் சத்தமில்லாமல் குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். நாம் ஏற்றிய கோப்பை இப்படிப்பட்ட ஆப் உள்ளது உள்ளபடியே இழுக்கிறது, இறங்கிக்கொள்ள வேறு படி இல்லை. அதனால் அந்தக் கோப்புக்கு நொடிக்கு எவ்வளவு தேவை என்று முதலில் பார்க்க வேண்டும். கோப்பின் அளவு பைட்டில், இணைப்பின் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 27 ஜிபி என்பது 2,16,000 மெகாபிட். அதை 7,200 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு 30 மெகாபிட். இது சராசரிதான். கூட்டமும் பூ மழையுமாகத் திரை நிறையும் காட்சிகளில் தேவை இன்னும் ஏறும்.

ரௌட்டர் பக்கத்தில் நின்று போனில் வேகம் பார்த்தால் 95 காட்டியது. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். டிவி இருப்பது இரண்டு சுவர் தள்ளி. டிவியின் பிரவுசரிலேயே பார்த்தபோது 20தான் வந்தது, ஏனென்றால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தது. தேவை 30, வரவு 20. பிளேயர் ஒரு நிமிடப் படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தாலும், நொடிக்கு 10 மெகாபிட் குறைந்துகொண்டே போனால் மூன்று நிமிடத்தில் காலி.

குற்றம் டிவியிலா, பாதையிலா என்று பிரித்தறிய, அதே கோப்பைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பாருங்கள். பென்டிரைவ் FAT32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. ExFAT ஆக மாற்ற வேண்டும். பென்டிரைவிலும் திக்கினால், அந்த வகை வீடியோவை விரித்துக் காட்ட டிவியால் முடியவில்லை என்று பொருள். எங்கள் டிவியில் சீராக ஓடியது. ஆக, குறை பாதையில்தான்.

ரௌட்டரிலிருந்து ஈத்தர்நெட் கேபிள் இழுத்ததும் வட்டம் மறைந்தது. பல டிவிகளின் கேபிள் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது என்றாலும் இதற்கு அது தாராளம். கேபிள் இழுக்க முடியாத வீட்டில் டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். ஆனால் அது சுவர் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும்.

கேபிள் வசதியில்லாத அம்மா வீட்டுக்காகச் சிறிய நகல் ஒன்று செய்தேன்:

```
ffmpeg -i kalyanam.mp4 -vf scale=-2:1080 -c:v libx264 -b:v 8M -maxrate 12M -bufsize 24M -c:a aac -movflags +faststart chinna.mp4
```

இதன் தேவை நொடிக்குச் சுமார் 8 மெகாபிட், அளவு 7 ஜிபிக்குச் சற்று மேல். கடைசியில் உள்ள faststart, கோப்பின் அட்டவணையை வாலிலிருந்து தலைக்குக் கொண்டுவருகிறது. அது வாலில் இருந்தால், படம் தொடங்கும் முன்பே பிளேயர் கோப்பின் கடைசி வரை போய் அதைத் தேடி வர வேண்டும். மூலக் கோப்பை அழிக்கவில்லை. நகலில் குறைந்த தரத்தை அதிலிருந்து மட்டுமே மீட்க முடியும்.