நடுவர் யாருடைய ஆள்?

அமெரிக்காவில் இணையம் வழியே பழைய வண்டி வாங்கப் போய் ஏமாறுகிறவர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சந்தையில் 24,000 டாலர் போகக்கூடிய பிக்கப் வண்டி 16,500 டாலருக்கு விளம்பரத்தில் வருகிறது. விசாரித்தால் உடனே பதில் வரும். விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பிவிட்டாராம், வண்டி வேறு மாநிலத்தில் ஒரு ஷிப்பிங் கம்பெனியின் யார்டில் நிற்கிறதாம். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. வாங்குபவர் தயங்குவார் என்று தெரிந்து, அதற்கான மருந்தையும் விற்பவரே நீட்டுகிறார்: "என் கையில் பணம் தரவே வேண்டாம். எஸ்க்ரோவில் போடுங்கள். வண்டி வந்ததும் ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் மட்டும் பணம் எனக்கு வரட்டும்."

எஸ்க்ரோ என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. வாங்குபவர் பணத்தை ஒரு நடுவரிடம் கட்டுவார். பொருள் சரியாக வந்து சேர்ந்தது என்று அவர் சொன்ன பிறகே நடுவர் அதை விற்பவருக்குக் கொடுப்பார். 1999-இல் தொடங்கிய escrow.com போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. இந்த ஏற்பாட்டின் உயிரே நடுவர் இருவருக்கும் வேண்டியவராக இல்லாமல் இருப்பதுதான். மோசடிக்காரர் கை வைப்பதும் அங்கேதான். விற்பவரும் அவர், நடுவரும் அவர்.

அவர் அனுப்பும் இணைப்பைத் திறந்தால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. பூட்டுச் சின்னம் இருக்கும். ஆனால் அது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்று சொல்வதில்லை. பதிவு செய்ததும் ஒப்பந்த எண் வரும், அரட்டைப் பெட்டியில் ஊழியர் ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்வார், பிறகு இன்வாய்ஸ் வரும். அந்த இன்வாய்ஸை நிதானமாகப் படிக்க வேண்டும். பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எஸ்க்ரோ நிறுவனத்தின் பெயரில் இல்லாமல், யாரோ ஒரு தனிநபர் பெயரிலோ சம்பந்தமில்லாத வேறு கம்பெனியின் பெயரிலோ இருக்கும். கேட்டால் "எங்கள் நிதி முகவர்" என்பார்கள். என்னைக் கேட்டால், பேரத்தை அந்த இடத்திலேயே முறித்துக்கொள்ள இது ஒன்றே போதும்.

தளத்தின் முகவரியையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். escrow.com.safe-deal.example என்று இருந்தால் கண் முதலில் escrow.com என்பதில்தான் போய் நிற்கும். உரிமையாளரைக் காட்டுவதோ கடைசிப் பகுதி, அதாவது safe-deal.example. முன்னால் இருப்பதை அந்த உரிமையாளர் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். அடுத்து lookup.icann.org தளத்தில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். அது எப்போது பதிவானது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். "20 ஆண்டு அனுபவம்" என்று பெருமை பேசும் தளத்தின் பெயர் போன மாதம் பதிவாகியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பழைய தேதி இருப்பதை வைத்து மட்டும் நம்பிவிடவும் கூடாது, பழைய பெயர்களும் விலைக்குக் கிடைக்கின்றன.

கலிஃபோர்னியாவில் எஸ்க்ரோ தொழில் நடத்த மாநில நிதிப் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும். போலித் தளங்கள் அந்த உரிம எண்ணையும் போடும், ஆனால் அது வேறொரு நிஜ நிறுவனத்தின் எண்ணாக இருக்கலாம். ஆகவே எண் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. dfpi.ca.gov என்று நீங்களே தட்டச்சு செய்து போய், உரிமம் பெற்ற நிறுவனத்தைத் தேடி, அங்கே பதிவான விவரங்களோடு ஒப்பிட வேண்டும். அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் தனியாகத் தேடி எடுத்து அழைத்து, "இந்த ஒப்பந்த எண் உங்களுடையதுதானா?" என்று கேட்டுவிடலாம்.

இதையெல்லாம் விட எளிய வழி, நடுவரை நீங்களே தேர்ந்தெடுப்பது. நேர்மையான விற்பனையாளருக்கு எந்த உரிமம் பெற்ற நிறுவனமும் ஒன்றுதான். மோசடிக்காரரால் மட்டும் தன் தளத்தை விட்டு நகர முடியாது. "அவர்கள் கட்டணம் அதிகம், போன முறை இழுத்தடித்தார்கள்" என்று சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பார். இந்த வலையில் விற்பவர்களும் விழுகிறார்கள். "வாங்குபவரின் பணம் எங்களிடம் வந்துவிட்டது, பொருளை அனுப்புங்கள்" என்று போலித் தளத்திலிருந்து வரும் மின்னஞ்சலை நம்பி, விலையுயர்ந்த கேமராவையோ கைக்கடிகாரத்தையோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு.

பணம் போன பிறகும் நாடகம் முடிவதில்லை. தளத்தில் வண்டி ஊர் ஊராக நகர்வதாகக் காட்டும். பிறகு காப்பீட்டு முன்பணம் கட்டச் சொல்வார்கள், வண்டி வந்ததும் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். கூடுதலாகச் சில ஆயிரம் டாலர் கறப்பது அதன் ஒரு நோக்கம். வாங்கியவர் வங்கிக்குப் போகாமல் நாளைக் கடத்துவது இன்னொன்று. அந்த நாட்களுக்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி எட்டாத இடத்துக்குப் போய்விடும். சந்தேகம் வந்த நிமிடமே வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்து, அனுப்பிய தொகையைத் திரும்ப அழைக்கச் சொல்ல வேண்டும். அதே நாளில் எஃப்.பி.ஐ.-யின் ic3.gov தளத்தில், பணம் போன கணக்கு எண்ணோடு புகார் பதிய வேண்டும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் மிச்சமிருந்தால்தான் வங்கியால் அதை முடக்க முடியும்.