குளோனிங் சொதப்பியது, அறிக்கைக்கு அவகாசம் கேட்பது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலை உயிரியல் மாணவர்களின் ஆய்வக வகுப்பைப் பெரும்பாலும் பேராசிரியர் நேரடியாக நடத்துவதில்லை. டி.ஏ. என்று அழைக்கப்படும் கற்பித்தல் உதவியாளர்தான் நடத்துவார். அவரே பெரும்பாலும் ஒரு முனைவர் பட்ட மாணவர். தன் ஆராய்ச்சிக்கு நடுவே வகுப்பையும் பார்த்து, வகுப்பின் அறிக்கைகளையும் திருத்துகிறவர். "சோதனை சரியாக வரவில்லை, கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்று ஒரு மாணவர் மின்னஞ்சல் அனுப்பினால், அதை வைத்து அவரால் எதையும் முடிவு செய்ய இயலாது. எது கெட்டது, மறுபடி செய்தால் வருமா, அதற்கு எத்தனை நாள் ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இல்லை. குளோனிங் சோதனையில் மட்டும் இந்தப் பதில்களுக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. முறையாகச் செய்திருந்தால், தோல்வியின் காரணத்தைத் தட்டுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

குளோனிங் என்றதும் டாலி ஆடு நினைவுக்கு வரும். மாணவர்கள் செய்வது அதுவல்ல. ஒரு மரபணுவை வெட்டியெடுத்து, பிளாஸ்மிட் என்ற சிறிய டி.என்.ஏ. வளையத்தில் ஒட்டி, அந்த வளையத்தை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்துவதுதான் இங்கே குளோனிங். பாக்டீரியா பெருகப் பெருக அந்த மரபணுவும் பிரதியாகும். 1973இல் ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் போயர் குழுவினர் காட்டிய வழி இது.

வகுப்பறைகளில் பரவலாகப் பயன்படும் பியூசி19 என்ற பிளாஸ்மிட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஆம்பிசிலின் மருந்தைத் தாங்கும் மரபணு உண்டு. ஆகவே ஆம்பிசிலின் கலந்த அகார் தட்டில், பிளாஸ்மிட் புகுந்த பாக்டீரியா மட்டுமே பிழைத்து, புள்ளி புள்ளியாகக் காலனிகளாக வளரும். அகாரில் எக்ஸ்-கால் என்ற பொருளும் சேர்ந்திருந்தால், வெறும் பிளாஸ்மிட் வாங்கிய காலனி நீலமாகும். நடுவில் புதிய மரபணு ஒட்டியிருந்தால் நீல நிறத்துக்கான மரபணு உடைபட்டு, காலனி வெள்ளையாகவே நிற்கும். மாணவர் தேடுவது அந்த வெள்ளைக் காலனியைத்தான்.

வேலை நடக்கும் விதம் இது. பிளாஸ்மிட்டை வெட்டு நொதியால் ஓரிடத்தில் திறக்க வேண்டும். அதே நொதியால் வெட்டிய மரபணுவைச் சேர்த்து, லைகேஸ் என்ற ஒட்டு நொதியால் இணைக்க வேண்டும். இந்தக் கலவையைப் பனிக்கட்டியில் வைத்த பாக்டீரியாவோடு கலந்து, 42 டிகிரி நீரில் சுமார் 45 விநாடி மட்டும் வைத்து, உடனே பனிக்கட்டிக்குத் திருப்ப வேண்டும். அந்த வெப்ப அதிர்ச்சியில் டி.என்.ஏ. உள்ளே போகிறது. பிறகு ஊட்டக் கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மருந்தைத் தாங்கும் புரதத்தை பாக்டீரியா தயாரித்துக்கொள்ள இந்த இடைவெளி தேவை. கடைசியாகத் தட்டில் பரப்பி, ஓர் இரவு 37 டிகிரியில் விட வேண்டும்.

திங்கள் காலை தட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு வெள்ளைக் காலனிகூட இல்லை, அறிக்கையோ வியாழன் மாலைக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பக்கத்தில் உள்ள மூன்று கன்ட்ரோல் தட்டுகளைப் பார்க்க வேண்டும்.

முதல் தட்டில் டி.என்.ஏ. எதுவும் தராத பாக்டீரியா. அதில் எதுவும் முளைக்கவில்லை என்றால் ஆம்பிசிலின் வேலை செய்கிறது. இரண்டாவதில் வெட்டாத பிளாஸ்மிட் பெற்ற பாக்டீரியா. அதில் நூற்றுக்கணக்கில் நீலக் காலனிகள் என்றால் பாக்டீரியா நன்றாக இருக்கிறது, வெப்ப அதிர்ச்சியும் சரியாக நடந்திருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். வெட்டிய பிளாஸ்மிட்டை, புதிய மரபணு சேர்க்காமல், லைகேஸால் மீண்டும் ஒட்டிப் புகுத்திய தட்டு அது. ஒரே நொதியால் வெட்டிய இரு முனைகளும் எளிதாகத் தமக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே அங்கே நிறைய நீலக் காலனிகள் வந்திருக்க வேண்டும். நான்கைந்துதான் இருக்கின்றன என்றால், அவை வெட்டப்படாமல் தப்பிய பிளாஸ்மிட்டின் வேலை. மரபணு சேர்க்காத தட்டிலேயே இந்தக் கதி என்பதால் பழியை மரபணு மேல் மட்டும் போட முடியாது. ஒட்டும் கட்டமே நடக்கவில்லை.

சந்தேகம் லைகேஸ் கரைசல் மேல் விழுகிறது. லைகேஸ் வேலை செய்ய ஏ.டி.பி. தேவை, அது கரைசலிலேயே கலந்திருக்கும். வகுப்பு முழுக்க ஒரே குழாயை மாற்றி மாற்றி உருக்கி, மறுபடி உறையவைத்தால் ஏ.டி.பி. சிதைந்துபோகும். இதை அன்று மதியமே சோதித்துவிடலாம். வெட்டிய பிளாஸ்மிட்டில் ஒரு பங்கைப் பழைய கரைசலிலும் இன்னொரு பங்கைப் புதிய கரைசலிலும் ஒட்டவிட்டு, இரண்டையும் அகரோஸ் ஜெல்லில் ஓட்ட வேண்டும். பழையதில் வெட்டிய துண்டு அப்படியே ஒற்றைப் பட்டையாக நின்று, புதியதில் அந்தப் பட்டை மங்கி வேறு இடங்களில் பட்டைகள் தோன்றினால் குற்றவாளி கரைசல்தான். முனைகள் கெட்டிருந்தால் புதிய கரைசலிலும் ஒட்டியிருக்காது.

இதற்குப் பிறகு எழுதும் மின்னஞ்சல் இப்படி இருக்கும்:

"வணக்கம். செவ்வாய்ப் பிரிவில் படிக்கிறேன். வியாழன் மாலை தர வேண்டிய குளோனிங் அறிக்கைக்குத் திங்கள் காலை 9 மணி வரை அவகாசம் தர முடியுமா? இன்று காலை லைகேஷன் தட்டில் வெள்ளைக் காலனி எதுவும் இல்லை. டி.என்.ஏ. இல்லாத தட்டு காலி. வெட்டாத பிளாஸ்மிட் தட்டு நிறைய நீலம். மரபணு சேர்க்காத லைகேஷன் தட்டில் 4 நீலக் காலனிகள் மட்டுமே. பழைய, புதிய கரைசல்களை ஜெல்லில் ஒப்பிட்டேன். புதியதில் மட்டும் ஒட்டியிருக்கிறது. தட்டுகள், ஜெல் படங்களை இணைத்திருக்கிறேன். நீங்கள் அனுமதித்தால் செவ்வாய் லைகேஷனும் டிரான்ஸ்ஃபர்மேஷனும், புதன் காலனி எடுத்து வளர்ப்பு, வியாழன் பிளாஸ்மிட் பிரித்து வெட்டி ஜெல், வெள்ளி முதல் எழுதும் வேலை. முன்னுரையும் செய்முறையும் ஏற்கெனவே முடிந்துவிட்டன. மறுபடி செய்ய இடமில்லை என்றால், இப்போதுள்ள முடிவுகளை வைத்தே வியாழனன்று தந்துவிடுகிறேன்."

கேட்கும் தேதி இரண்டாவது வரியிலேயே வந்துவிடுகிறது. அந்தத் தேதியும் குத்துமதிப்பானதல்ல. ஒரு தட்டு வளர ஓர் இரவு, அதிலிருந்து எடுத்த காலனி திரவத்தில் பெருக இன்னோர் இரவு. இந்த இரண்டு இரவுகளையும் எவ்வளவு உழைத்தாலும் சுருக்க முடியாது. மறுநாள் காலை தருவதாக எழுதினால், இந்தச் சோதனையைச் செய்தவருக்கு அது நடக்காது என்று உடனே தெரிந்துவிடும். படங்களை இணைப்பதாலும் ஒரு பயன் உண்டு. பல வகுப்புகளில் அவகாசம் தரும் அதிகாரம் பேராசிரியரிடமே இருக்கும், டி.ஏ. இந்த மின்னஞ்சலை அப்படியே அவருக்கு அனுப்பிவிடலாம்.

கடைசி வரியை வெறும் பணிவு என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக் காலனி வந்ததா என்பதைவிட, வந்ததை எப்படிப் படித்தார் என்பதற்கே மதிப்பெண் தரும் வகுப்புகள் உண்டு. அங்கே டி.ஏ., "மறுபடி செய்ய வேண்டாம், இதையே எழுதுங்கள்" என்று பதில் அனுப்பலாம். அப்படி வந்தால் முடிவுகள் பகுதிக்கு நான்கு தட்டுகளின் எண்ணிக்கையும் ஜெல் படமும் கையில் இருக்கின்றன. விவாதப் பகுதிக்கான வாதமும் மின்னஞ்சல் எழுதும்போதே பாதி உருவாகிவிட்டது. கன்ட்ரோல் தட்டுகளைப் போடாமல் விட்டவருக்குத்தான் அவகாசம் கிடைத்தாலும் சிக்கல். எது கெட்டது என்று தெரியாமல் அதே குழாயிலிருந்து அதே கரைசலை எடுத்து, அதே காலித் தட்டைத்தான் மறுபடியும் அவர் பார்க்க நேரும்.